மலாயா டிரெஸ்ஸருக்கு இங்கே என்ன வேலை

தன்னைப் புகழ்ந்து எழுதிய கடிதத்தைக் கண்டே ஒரு மனுஷன் நடுங்குவான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சுருளிவேல் நடுங்கினார். மலாயாவிலிருந்து கப்பலேறி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்தக் கடிதம் டிரங்குப் பெட்டியின் அடியில், மனைவி கண்ணம்மாளின் பட்டுச் சேலைக்குக் கீழே கிடந்தது. வாசல் பக்கம் காக்கிச் சட்டை தெரிந்தால் போதும், அவர் கண் அந்தப் பெட்டிக்குப் போய்விடும். தபால்காரர் சட்டையும் காக்கிதான் என்பது அப்போது நினைவுக்கு வராது.

ஆத்தூரில் பிறந்து திண்டுக்கல்லில் படித்து, இருபது வயதில் கடல் தாண்டியவர் சுருளிவேல். தைப்பிங் பெரியாஸ்பத்திரியில் மூன்று வருஷம் பயிற்சி, பரீட்சை, சர்டிபிகேட். அதன் பிறகு பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் வேலை. டிரெஸ்ஸர் என்றால் அங்கே லேசுப்பட்ட ஆளில்லை. முப்பது கட்டில் உள்ள ஆஸ்பத்திரி அவர் ஒருவர் கையில். நோயைப் பார்ப்பதும் அவர்தான், மருந்து எழுதுவதும் கலக்குவதும் அவர்தான். ஊசி, பிரசவம், ஒடிந்த எலும்பு, பாம்புக்கடி எல்லாமே அவர்தான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வெள்ளைக்கார டாக்டர் காரில் வருவார், கட்டில்களுக்கு நடுவே ஒரு நடை நடப்பார், புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். யுத்தத்தில் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் அந்தக் காரும் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் இப்படி ஓடியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். துண்டு வாங்கினவனுக்கு ஆஸ்பத்திரி எதற்கு? சுருளிவேல் ஊர் திரும்பினார்.

கிளம்பும்போது தோட்டத்துத் துரை மனசாரக் கடிதம் கொடுத்தார். “ஆஸ்பத்திரி முழுவதும் இவர் பொறுப்பில் இருந்தது. எந்த நோய்க்கும் டாக்டரைக் கூப்பிட வேண்டிய அவசியம் எனக்கு வந்ததில்லை” என்று எழுதியிருந்தார். கப்பலில் அதை நாலு பேருக்கு வாசித்துக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டு வந்தார் சுருளிவேல். பெருமை திண்டுக்கல் வரைக்கும்தான்.

முதலில் போனது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே பெரிய டாக்டர் கடிதத்தை வாசித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“டிரெஸ்ஸர்னா இங்க புண்ணு கழுவிக் கட்டுற ஆளுப்பா. நீ வைத்தியம் பார்த்திருக்க. டாக்டர் எழுதிக் கொடுக்காம ஊசி போட்டிருக்க. இது சிபாரிசுக் கடிதமா? உனக்கு எதிரா நீயே கொண்டுவந்த சாட்சி. இதை வச்சுக்கிட்டு இங்க எவனுக்காவது ஊசி போட்டு, அவன் செத்துக்கித்துப் போனா நேரே போலீஸ் கேஸ்தான். மடிச்சு உள்ள வையி.”

அன்றைக்குப் பிடித்த பயம்தான். வீட்டுக்கு வந்து கடிதத்தைச் சேலைக்கு அடியில் தள்ளினார். கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கண்ணம்மாள் சொன்னால்கூட, “ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லு, என் பேரை எடுக்காத” என்று கதவைச் சாத்திக்கொண்டார். தோட்டத்தில் எந்த நேரத்தில் தட்டினாலும் கதவைத் திறந்த மனுஷன். கண்ணம்மாளுக்கு அழுகையாக வந்தது. புருஷனைத் திட்டவும் முடியவில்லை, ஏனென்றால் அவளுக்கும் பயமாக இருந்தது.

பிறகு இரண்டு இடத்தில் கேட்டார். ஒரு இடத்தில் தைப்பிங் சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது மெட்ராஸ் பரீட்சை இல்லையே” என்றார்கள். இன்னொரு இடத்தில், “டிரெஸ்ஸருக்கு எதுக்குய்யா மூணு வருஷப் படிப்பு?” என்று சிரித்தார்கள். அங்கே கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியவர் இங்கே ஒன்றுக்கும் உதவாதவரா, இல்லை குற்றவாளியா என்று அவருக்கே பிடிபடவில்லை.

ஊருக்குக் கொஞ்சம் வெளியே ஒரு நூற்பாலையின் மருந்தகத்தில் கம்பவுண்டரும் டிரெஸ்ஸரும் வேண்டும் என்று கேள்விப்பட்டு, மனு அடிக்க பஸ் ஸ்டாண்டு பக்கம் டைப் அடிக்கும் சனாவுல்லாவிடம் போனார். ஊரில் பாதிப்பேர் உத்தியோகத்துக்குப் போன மனு சனாவுல்லாவின் விரலில் பிறந்ததுதான். மனுவைப் பார்த்தே வேலை கிடைக்குமா கிடைக்காதா என்று சொல்லக்கூடியவர்.

சுருளிவேல் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு சனாவுல்லா டீயை ஊதிக் குடித்தார்.

“அண்ணே, கம்பவுண்டர்னா இங்க மெட்ராஸ் சர்டிபிகேட் வேணும். டிரெஸ்ஸர்னா புண்ணு கழுவுறவன். டாக்டர்னா பட்டம். நீங்க மூணும் சேர்ந்த ஆளு. அப்படி ஒரு ஆளு இந்த ஊரு ரிஜிஸ்தர்ல கெடையாது. அதனால பேரை விட்ருவோம், செஞ்ச வேலையை எழுதுவோம். அதுவும் யாரு சொல்லிச் செஞ்சீங்கங்கிறதை முன்னாடி போடணும். ‘டாக்டரின் உத்தரவுப்படி மருந்து கலந்தும் காயங்களுக்குக் கட்டுப் போட்டும் உதவி செய்துள்ளேன்.’ சரியா?”

“டாக்டர் பதினஞ்சு நாளைக்கு ஒருக்கத்தானே பாய் வருவாரு.”

“அப்ப பதினஞ்சுல ஒரு நாளு உண்மை. முழுப் பொய் இல்லையே!” சனாவுல்லா இயந்திரத்தில் தாளைச் சொருகினார். “அந்தத் துரை கடுதாசியை மட்டும் வெளிய எடுக்காதீங்க. மில்லுல கேட்டா ‘டாக்டர் சொல்வாரு, நான் செய்வேன்’ன்னு மட்டும் சொல்லுங்க. இந்த ஊருல அடக்கமான ஆளுக்குத்தான் சோறு.”

மனுவை வாங்கிக்கொண்டு நடக்கும்போது சுருளிவேலுக்குத் தன் இருபத்திரண்டு வருஷத்தை ஒரு தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்த மாதிரி இருந்தது. பாரமே இல்லை. அதுதான் வலித்தது.

வியாழக்கிழமை காலை மில்லுக்கு வரச் சொன்னார்கள். மில் டாக்டர் தினம் காலை இரண்டு மணி நேரம் வருகிறவர். டவுனில் சொந்தமாக வைத்தியசாலை உண்டு, நல்ல பேர், கொஞ்சம் கோபக்காரர். மனுவை வாசித்தார்.

“மலாயாவில் டாக்டர் இல்லாத நேரம் யாராவது வந்தா என்ன செய்வ?”

சுருளிவேல் வாய் வரைக்கும் வந்த நூறு பதிலை விழுங்கினார். “டாக்டருக்கு ஆள் அனுப்புவேன் சார்.”

“அவர் வர வரைக்கும்?”

“காத்திருக்கச் சொல்வேன் சார்.”

டாக்டருக்குத் திருப்தி. சுருளிவேலுக்கு மட்டும், பிரசவத்தில் பிள்ளை குறுக்கே திரும்பி அலறிய ஒருத்தியை அவர் காத்திருக்கச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு வந்தது.

“கம்பவுண்டர் வேலையை விட்டுப் போயி ரெண்டு நாளாச்சு. இன்னைக்கு நீ மருந்து கலக்கு, கை எப்படின்னு பார்க்குறேன். நான் எழுதுறது எதுவோ அது. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.”

பக்கத்து அறையில் மருந்து அலமாரி, அவுன்ஸ் கிளாஸ், தராசு, பசை. தொழிலாளிகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டில்களோடு வரிசையில் நின்றார்கள். வேளைக்கு இவ்வளவு என்று காட்ட, பல்லுப் பல்லாக வெட்டிய காகிதத்தைப் பாட்டிலில் ஒட்ட வேண்டும். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் சுருளிவேலுக்குப் பயம் மறந்துபோனது. இருமல் மருந்து, வயிற்றுவலி மருந்து, சிரங்குக் களிம்பு. கை தானாக ஓடியது.

ஏழாவது சீட்டில் நின்றுவிட்டது.

முத்துப்பேச்சி என்று ஒரு பெண், நூல் சுற்றும் பகுதியில் வேலை. உடம்பில் சத்தில்லை, ராத்திரி தூக்கமில்லை. டாக்டர் பலத்துக்கு, அளவு மீறினால் விஷமாகிவிடும் ஸ்டிரிக்னைன் கரைசலும் தூக்கத்துக்குப் பொட்டாசியம் புரோமைடும் எழுதியிருந்தார். இரண்டும் அந்தக் காலத்தில் தினம் புழங்கிய மருந்துகள். அளவும் சரிதான். ஆனால் இரண்டையும் ஒரே பாட்டிலில் எழுதியிருந்தார், காலையில் ஒன்று ராத்திரி ஒன்றாக எட்டு வேளைக்கு.

தைப்பிங்கில் முதல் வருஷமே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. கலக்கும்போது தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். போகப்போக ஸ்டிரிக்னைன் புரோமைடோடு சேர்ந்து உப்பாகி அடியில் இறங்கும். முதல் ஏழு வேளை ஒன்றும் செய்யாது. எட்டாவது வேளையில் எட்டு வேளை விஷமும் சேர்ந்து வரும். உடம்பு வில்லாக வளைந்து, மூச்சு நின்று, நினைவு தெளிவாக இருக்கும்போதே உயிர் போகும்.

தோட்டமாக இருந்தால் யோசனையே வேண்டியதில்லை. வெள்ளைக்கார டாக்டர் எப்போதாவது இப்படி எழுதினால் சுருளிவேல் பேசாமல் இரண்டு பாட்டிலில் பிரித்துக் கொடுத்துவிடுவார். டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. அந்த வழக்கத்தில் கை இன்னொரு பாட்டிலை எடுக்கப் போய்விட்டது. பாதியில் நிறுத்தினார். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பிரித்துக் கொடுத்தால், டாக்டர் எழுதியதை மாற்றினவன் என்று பேர் வரும். பெட்டியில் கிடக்கும் கடிதம் அதைத்தானே சொல்கிறது? எழுதியபடி கலந்தால் இந்தப் பெண் திங்கட்கிழமை சாவாள். உள்ளே போய்ச் சொன்னால் டாக்டருக்கே பாடம் சொன்ன டிரெஸ்ஸர் என்று வெளியே தள்ளுவார். ஒருவேளை சோதனைக்காகவே எழுதியிருக்கிறாரோ? அப்படியென்றால் எந்தப் பதில் சரியான பதில்? தெரிந்தவன் என்று காட்டுவதா, தெரியாதவன் என்று காட்டுவதா?

“செத்த நேரத்துல சங்கு ஊதிரும்ணே, சீக்கிரம் குடுங்க” என்றாள் முத்துப்பேச்சி, ஜன்னலுக்கு வெளியே.

சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

“சார், இந்தப் பொண்ணு ஒரு பாட்டில்தான் கொண்டாந்திருக்கு. இதை ரெண்டு பாட்டிலா குடுக்கலாமுங்களா? நீங்க உத்தரவு குடுத்தா இன்னொரு பாட்டில் தேடுறேன்.”

“எதுக்கு ரெண்டு?” என்று எரிச்சலோடு சீட்டை வாங்கினார் டாக்டர். பார்த்தார். மறுபடி பார்த்தார். முகம் வெளுத்துப்போனது சுருளிவேலுக்கு நன்றாகத் தெரிந்தது. இது சோதனை இல்லை. சோதனையாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

டாக்டர் எழுந்து மருந்துப் பதிவுப் புத்தகத்தை எடுத்தார். பக்கங்களைத் திருப்பினார். திங்கட்கிழமைப் பக்கத்தில் விரல் நின்றது. அன்றைக்கு அதே மருந்து, அதே எட்டு வேளை. மலைச்சாமி, பஞ்சு பிரிக்கும் பகுதி, ஊர் அகரம். பழைய கம்பவுண்டர் எழுதியதை எழுதியபடி கலந்து கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொண்டு போயிருந்தார்.

“காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு” என்றார் டாக்டர். குரல் அவருடையதாக இல்லை. “இன்னைக்கு ராத்திரிதான் கடைசி வேளை. நேரம் இருக்கு.”

“இல்லீங்க சார்.” சுருளிவேலுக்கு எப்படித்தான் வாய் வந்ததோ. “நாள் கூலிக்காரங்க எழுதினபடி குடிக்கமாட்டாங்க. சீக்கிரம் வேலைக்குத் திரும்பணும்னு ஒரே நேரத்துல ரெண்டு வேளையைச் சேர்த்துக் குடிப்பாங்க. எங்க தோட்டத்துல நான் பார்த்திருக்கேன்.”

முத்துப்பேச்சியை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு இருவரும் டாக்டரின் காரில் ஏறினார்கள். தாடிக்கொம்பு ரோட்டில் மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் அந்தக் கார் அன்றைக்குப் பட்ட பாடு சொல்லி முடியாது. டாக்டர் ஹாரனை விடாமல் அடித்தார். சுருளிவேல் மடியில் மருந்துப் பெட்டி. போய்ச் சேரும்போது அழுகைச் சத்தம் கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செத்தவனைப் பார்த்துப் பழகிய மனுஷன்தான். ஆனால் இவன் செத்தால், பழி யார் தலையில் விழும்? மருந்து அறையில் இப்போது நிற்பது தான்தானே, பழைய கம்பவுண்டர் இல்லையே என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு வந்ததற்காக வெட்கம் வேறு.

அகரத்தில் வீட்டைக் கேட்டுப் போனபோது அழுகைச் சத்தம் இல்லை. மலைச்சாமி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி பழனியம்மாள் கையில் அந்தப் பாட்டில். அதில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“ஏத்தா, நில்லு!” என்று கத்தினார் சுருளிவேல். பாட்டிலைப் பிடுங்கியே விட்டார்.

அவள் மிரண்டுபோனாள். “ஏன்யா? ஏழு வேளை ஆயிருச்சு. நேத்து ரெண்டு வேளையைச் சேர்த்துத்தான் குடிச்சாரு. அடியில கல்கண்டு மாதிரி சத்தெல்லாம் எறங்கிக் கெடக்கு. கரையவே மாட்டேங்குது. வெந்நி ஊத்திக் கழுவி ஒரு சொட்டு விடாமக் குடுப்போம்னு பார்த்தேன். சத்து வீணாப் போகலாமா?”

டாக்டர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் வெள்ளை ஊசி ஊசியாகப் படிந்திருந்தது.

“மருந்து பழசாப் போச்சும்மா, புதுசு தாரேன்” என்றார். வீட்டுக்குப் பின்னால் போய், குழி தோண்டி அதை ஊற்றி மண்ணைத் தள்ளியது சுருளிவேல்தான். பாட்டிலையும் உடைத்துப் புதைத்தார். நல்ல பாட்டில் போச்சே என்று பழனியம்மாள் முணுமுணுத்தாள். மலைச்சாமி மட்டும் தன்னைப் பார்க்க டாக்டரே காரில் வந்ததை ஊர் பார்க்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் டாக்டர் காரை ஓரங்கட்டினார்.

“உண்மையைச் சொல்லு. மலாயாவில் நீ யாரு?”

இத்தனை நாளும் பயந்த கேள்வி. சுருளிவேல் சொன்னார். முப்பது கட்டில், பிரசவம், ஜப்பான்காரன் காலம், துரை கடிதம் எல்லாவற்றையும். மறைக்கத் தெம்பு இல்லை.

டாக்டர் தலையை ஆட்டினார். “அதான். நாங்க படிச்ச பாடத்தை நான் மறந்துட்டேன், நீ மறக்கலை. இதை நான் மானேஜர்கிட்ட சொன்னா என் பேரு போயிடும். சொல்லாட்டி உனக்குப் பேரு வராது. நீ வெளிய சொன்னா, எழுதினது டாக்டர், தப்புன்னு சொல்றதுக்கு நீ யாருன்னு உன்னையத்தான் முதல்ல கேப்பாங்க. அந்தக் கடுதாசியும் உன்னைக் காப்பாத்தாது.”

மிரட்டலா, வருத்தமா என்று சுருளிவேலுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று பின்னால் தோன்றியது.

“நான் எங்க சார் சொல்லப் போறேன்” என்றார். பிறகு, பயத்தோடு பயமாக, ஒன்று கேட்டார். “வேலை குடுத்தீங்கன்னா, நீங்க எழுதுறதை எனக்கு ஒருதரம் வாசிச்சுக் காட்டணும் சார். நான் கையெழுத்துப் புரியலைன்னு கேக்குற மாதிரி கேட்டுக்கிறேன்.”

டாக்டர் அவரை முதல்தடவையாக நேராகப் பார்த்தார். “வாசிக்கிறேன்” என்றார்.

மில்லுக்குத் திரும்பியதும் மானேஜர் அறையில் டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். “அடக்கமானவர். சொன்னதைச் சொன்னபடி செய்பவர். டாக்டரின் உத்தரவின்றி எதையும் செய்யமாட்டார்.” அன்றைக்குச் சுருளிவேல் செய்ததற்கு நேர் எதிரான மூன்று வரி. அந்த மூன்று வரியில் வேலை கிடைத்துவிட்டது. உத்தியோகம் டிரெஸ்ஸர். சர்டிபிகேட் உள்ள கம்பவுண்டர் வரும்வரை மருந்து அறையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொரு கம்பவுண்டருக்கு எத்தனை வருஷம் காத்திருந்தார்கள் என்று கேட்காதீர்கள்.

குமாஸ்தா புதுச் சர்வீஸ் புத்தகத்தைத் திறந்தார். பேர், தகப்பனார் பேர், ஊர், வயது. வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார்.

“முன் அனுபவம்?”

சுருளிவேல் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லைன்னு போட்டுக்கங்க” என்றார் சுருளிவேல். குமாஸ்தா அப்படியே எழுதி, மை காய ஊதினார்.